ஒரு லட்சம் கொடுத்தேன், முப்பதாயிரம்தான் கழிகிறது: ஏன்?

அரசலாற்றங்கரை | 2 ஜூலை 2025, காலை 7.40

என் வீட்டுக்காரர் போய் இந்த மார்ச்சோடு அஞ்சு வருஷம். திதிக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவதற்குப் பதிலாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வோம் என்று, கும்பகோணத்தில் பெண் பிள்ளைகள் விடுதி நடத்தும் ஒரு அறக்கட்டளைக்கு ஒரு லட்சம் கொடுத்தேன். மார்ச் 12, முழுக்க வங்கி வழியாகத்தான். ரசீது எழுதிய பையன், "80ஜி இருக்கு டீச்சர், வரியில கழிச்சுக்கலாம்" என்றான்.

நேற்று ரிட்டர்ன் போட ஆடிட்டர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால், கழிவு என்கிற இடத்தில் 30,000 என்று வருகிறது. மீதி எழுபதாயிரம் எங்கே என்று கேட்டதற்கு அங்கிருந்த பெண், "சிஸ்டம் அப்படித்தான் எடுக்குது மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

2018-இல் கஜா புயல் அடித்தபோது நான் ஓய்வு பெற்ற புதிது. வேதாரண்யம் பக்கம் என் மாணவிகள் இரண்டு பேர் வீடு ஓடில்லாமல் நின்றது. முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்தாயிரம் அனுப்பினேன். அந்தப் பத்தாயிரமும் அப்படியே கழிந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது மட்டும் ஏன் இப்படி? ரசீது செல்லாதா, ஆடிட்டர் தப்பா?

கொள்ளிடம் 63 | 2 ஜூலை, காலை 9.15

ஆடிட்டர் தப்பு. வங்கியில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் சொல்கிறேன். அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பாதிதான் கழியும், அது உண்மை. ஒரு லட்சத்தில் பாதி 50,000. அதோடு வருமானத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. உங்கள் வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தால் பத்து சதவீதம் 50,000-ஐத் தாண்டிவிடும். ஆகவே முழு 50,000 உங்களுக்கு வரணும். விடாதீர்கள்.

வெட்டாறு | 2 ஜூலை, இரவு 10.50

டீச்சர், ஆடிட்டரிடம் சண்டைக்குப் போகும் முன் அஞ்சு எண் சொல்லுங்கள். நிலைக்கழிவு போக பென்ஷன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, 80சி, மருத்துவக் காப்பீடு, மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு. முப்பதாயிரம் என்று வருவதைப் பார்த்தாலே எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. தஞ்சாவூரில் ஆடிட்டர் ஒருவரிடம் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூலையும் இதே கேள்விக்குப் பத்துப் பேராவது வருவார்கள்.

அரசலாற்றங்கரை | 3 ஜூலை, காலை 6.20

பென்ஷன் 6,60,000. நிலைக்கழிவு 50,000 போக 6,10,000. வைப்புநிதி வட்டி 1,10,000. ஆக 7,20,000.

80சி-யில் 40,000. மருத்துவக் காப்பீடு 30,000. வட்டிக்கு 50,000 கழித்திருக்கிறார்கள். வயது 65.

வெட்டாறு | 3 ஜூலை, இரவு 11.05

ஊகம் சரி. முப்பதாயிரம்தான் வரும். ஆடிட்டர் தப்பில்லை, ரசீதும் தப்பில்லை.

முதலில் அந்தப் பத்து சதவீதம் எதில் எடுப்பது என்று பார்க்கணும். 7,20,000-இல் இல்லை. 80ஜி தவிர்த்த மற்ற கழிவுகளை எல்லாம் முதலில் எடுத்துவிடணும். உங்களுக்கு அவை 1,20,000. மீதி 6,00,000. அதில் பத்து சதவீதம் 60,000.

அடுத்ததுதான் முக்கியம். இந்த 60,000 உங்கள் கழிவுக்கு வைத்த வரம்பு இல்லை, நன்கொடைக்கு வைத்த வரம்பு. நீங்கள் கொடுத்த ஒரு லட்சத்தில் 60,000 வரைதான் சட்டம் கண்ணால் பார்க்கும். மேலே உள்ள 40,000-ஐக் கொடுக்கவே இல்லை என்பது போல ஒதுக்கிவிடும். அப்படிப் பார்த்த 60,000-இல் பாதிதான் கழிவு. அதனால் 30,000.

கொள்ளிடம் சார் சொன்ன பாதியும் சரி, பத்து சதவீதமும் சரி. வரிசைதான் மாறிப்போச்சு. அவர் முதலில் பாதியாக்கிவிட்டு அப்புறம் வரம்போடு ஒப்பிட்டார். சட்டம் முதலில் வரம்பில் வெட்டிவிட்டு அப்புறம் பாதியாக்குகிறது. நன்கொடை வரம்புக்குள் இருந்தால் இரண்டு வழியிலும் ஒரே விடை வரும். அதனால்தான் பலருக்கு இந்தத் தப்பு வருஷக்கணக்கில் தெரியாமலே ஓடும். வரம்பைத் தாண்டிய அன்றைக்குத்தான் இடிக்கும்.

கஜா பணம் வேறு கணக்கு. முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமரின் தேசிய நிவாரண நிதி மாதிரி சிலவற்றுக்குப் பாதியும் கிடையாது, வரம்பும் கிடையாது. கொடுத்தது அத்தனையும் கழியும். ரிட்டர்னில் 80ஜி பக்கத்தைத் திறந்து பாருங்கள், நாலு பிரிவு இருக்கும். அன்றைக்கு உங்கள் பத்தாயிரம் முதல் பிரிவில் போயிருக்கும். இன்றைக்கு உங்கள் ஒரு லட்சம் நாலாவது பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. ரசீது இரண்டிலும் "80ஜி" என்றுதான் போட்டிருக்கும்.

கொள்ளிடம் 63 | 4 ஜூலை, காலை 8.30

ஒப்புக்கொள்ள மாட்டேன். வரம்பு என்றால் கழிவுக்குத்தானே வரம்பு? 80சி-க்கு ஒன்றரை லட்சம் என்றால் அது கழிவுக்குத்தான்.

வெட்டாறு | 4 ஜூலை, மதியம் 2.10

80சி வேறு மாதிரி எழுதப்பட்டது சார். 80ஜி-யில் நாலாவது உட்பிரிவைப் படியுங்கள். பத்து சதவீதத்தை மிஞ்சும் தொகையை, "எந்தத் தொகைகளுக்காகக் கழிவு தருகிறோமோ அவற்றின் கூட்டுத்தொகையைக் கணக்கிடும்போது" விட்டுவிடணும் என்கிற பொருளில் இருக்கிறது. அந்தக் கூட்டுத்தொகையில் ஐம்பது சதவீதம் என்று முதல் உட்பிரிவு சொல்கிறது. அங்கேயே வரிசை தெரிகிறது.

கொள்ளிடம் 63 | 4 ஜூலை, இரவு 9.00

படித்தேன். நீங்கள் சொல்வது சரி. என் மைத்துனருக்குப் போன வருஷம் நான் போட்டுக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்கணும். அவர் கொடுத்தது வரம்புக்குள் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏன் இப்படி ஒரு வரம்பு என்பதற்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

அரசலாற்றங்கரை | 5 ஜூலை, காலை 6.05

எனக்குக் கணக்கு புரிந்தது. மனசு ஒப்பவில்லை. நான் கொடுத்தது நூறு ரூபாய் என்றால் அதில் நாற்பதைக் கொடுக்கவே இல்லை என்று ஒரு சட்டம் சொல்வதைக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. அந்த விடுதியில் மார்ச் மாதமே இரண்டு கட்டில்களும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வந்துவிட்டன. நான் போய்ப் பார்த்தேன்.

கொள்ளிடம் சார் கேட்பதுதான் என் கேள்வியும்.

வெட்டாறு | 5 ஜூலை, இரவு 10.30

என் கருத்தைச் சொல்கிறேன், சட்டம் இயற்றியவர்கள் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கழிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசு தன் பங்கு வரியை விட்டுக்கொடுக்கிறது. உங்களுக்கு 30,000 கழிந்தால் இருபது சதவீத அடுக்கில் 6,000, செஸ் சேர்த்து 6,240 ரூபாய் அரசுக்குக் குறையும். அதாவது விடுதிக்கு நீங்கள் கொடுத்ததில் அவ்வளவு அரசு போட்ட மாதிரி. எந்த அறக்கட்டளை என்று தேர்ந்தெடுப்பவர் நீங்கள். அரசு தன் பங்குக்கு ஒரு எல்லை வைக்கிறது. தன் சொந்த நிவாரண நிதிக்கு வரும்போது எல்லை வைக்கவில்லை. இது நியாயமா என்றால், எனக்கே முழுத் திருப்தி இல்லை.

வரம்பைத் தாண்டிய 40,000-ஐ அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. மார்ச் 12-இல் ஐம்பதும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஐம்பதும் கொடுத்திருந்தால் இரண்டு வருஷத்திலும் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கழிந்திருக்கும். திதி எப்போது வருகிறது என்பது நம் கையில் இல்லை, அது தெரியும்.

மன்னை மைந்தன் | 7 ஜூலை, மாலை 6.45

நல்ல நேரத்தில் இதைப் பார்த்தேன். மே மாதம் மன்னார்குடியில் ஒரு மனை விற்றேன், லாபம் 12 லட்சம். சம்பளம் மற்றக் கழிவுகள் போக 8 லட்சம். மொத்தம் 20 லட்சம், பத்து சதவீதம் 2 லட்சம். அம்மா பெயரில் ஒரு பள்ளிக்கூட அறக்கட்டளைக்கு ஒன்றரை லட்சம் கொடுக்க நினைக்கிறேன். வரம்புக்குள்தான் வருது இல்லையா அண்ணே? வீட்டுக் கடன் இருப்பதால் பழைய வரி முறையில்தான் இருக்கிறேன்.

வெட்டாறு | 7 ஜூலை, இரவு 11.20

வராது தம்பி. பத்து சதவீதம் எடுக்கும்போது நீண்டகால மூலதன லாபத்தையும் வெளியே எடுத்துவிடணும். பங்கு விற்றுத் தனி விகிதத்தில் வரி கட்டும் குறுகிய கால லாபமும் அப்படியே. உங்கள் அடித்தளம் 8 லட்சம்தான். வரம்பு 80,000. ஒன்றரை லட்சத்தை ஒரே தடவையில் கொடுத்தால் கழிவு 40,000.

இன்னும் நீங்கள் கொடுக்கவில்லை, அது நல்லது. 75,000-ஐ அடுத்த மார்ச் 31-க்குள்ளும், இன்னொரு 75,000-ஐ ஏப்ரலிலும் கொடுங்கள். அடுத்த வருஷமும் சம்பளமும் சட்டமும் இதே மாதிரி இருந்தால் இரண்டும் வரம்புக்குள், மொத்தம் 75,000 கழியும். பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பணம் ஜூனில் தேவைப்பட்டால் வேறு பேச்சு, அதை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மன்னை மைந்தன் | 8 ஜூலை, காலை 7.10

மனை லாபத்துக்குத்தான் வரியே பெரிசாக வருது. அதிலிருந்து கொடுக்கிற பணத்துக்கு அதில் கழிவு இல்லையா?

வெட்டாறு | 8 ஜூலை, மதியம் 1.40

இல்லை. அந்த லாபத்தின் மீது 80ஜி-யையோ 80சி-யையோ வைக்கவே முடியாது. பணம் எந்தக் கணக்கிலிருந்து போனாலும் சரி.

சம்பா விவசாயி | 9 ஜூலை, இரவு 8.00

நான் திருத்துறைப்பூண்டி பக்கம். எங்கள் ஊர் முதியோர் இல்லத்துக்கு வருஷா வருஷம் தை அறுவடை முடிந்ததும் பத்து மூட்டை அரிசி இறக்கிவிடுவேன். அவர்களும் ரசீது தருவார்கள், மதிப்பு போட்டு. நெல்லில் வருவதோடு ஒரு உரக்கடையும் வைத்திருக்கிறேன், அதற்கு வரி கட்டுகிறேன். ரசீதைக் கொடுத்தால் எழுத்தர் தொடவே மாட்டேன் என்கிறார். எங்கள் அரிசிக்கு எத்தனை சதவீதம்?

கொள்ளிடம் 63 | 9 ஜூலை, இரவு 8.35

மதிப்பு போட்ட ரசீது இருந்தால் பாதி வரும் என்று நினைக்கிறேன். போன தடவை வாங்கிய அடியில் "நினைக்கிறேன்" என்று மட்டும் சொல்கிறேன்.

வெட்டாறு | 9 ஜூலை, இரவு 11.45

வராது. பணமாகக் கொடுத்தால்தான் 80ஜி. அரிசி, துணி, தகரக் கூரை எதற்கும் கிடையாது. எவ்வளவு சரியாக மதிப்புப் போட்டிருந்தாலும் சரி. உங்கள் எழுத்தர் சொன்னது சரி அண்ணே.

பணத்திலும் ரொக்கம் என்றால் 2,000 ரூபாய் வரைதான். ரொக்கமாக 5,000 கொடுத்தால் அதில் 2,000-க்காவது கழிவு வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த 5,000-க்கும் ஒன்றும் வராது.

இன்னொன்று. நெல் வருமானத்துக்கு வரி இல்லாததால் அது அந்தப் பத்து சதவீதக் கணக்கிலும் வராது. உங்களுக்கு வரம்பு உரக்கடை வருமானத்தில் மட்டும். பத்து வேலி வைத்திருந்தாலும் இந்தக் கணக்கில் உங்களுக்கு அந்தக் கடைதான் சொத்து.

சம்பா விவசாயி | 10 ஜூலை, காலை 5.50

அரிசியை வியாபாரியிடம் விற்றுவிட்டு அந்தப் பணத்தை இல்லத்துக்கு அனுப்பு, அவர்கள் அதே அரிசியைக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வயல் அரிசி, எங்கள் களத்தில் காய்ந்தது, அதைத்தான் அந்தப் பெரியவர்கள் சாப்பிடணும். கழிவு போனால் போகட்டும்.

அரசலாற்றங்கரை | 10 ஜூலை, காலை 6.30

தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

வெட்டாறு | 11 ஜூலை, இரவு 11.55

டீச்சர், மன்னிக்கணும். நேற்று படுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பதா ஐம்பதா என்று ஒன்பது நாளாகப் பேசுகிறேன், எந்த வரி முறை என்று உங்களிடம் கேட்கவே இல்லை. உங்கள் எண்களை இன்று புதிய முறையில் போட்டுப் பார்த்தேன்.

பழைய முறையில்: 7,20,000-இல் 1,20,000-உம் 30,000-உம் போக 5,70,000. மூத்த குடிமக்களுக்கு முதல் 3 லட்சம் வரியில்லை, அடுத்த 2 லட்சத்துக்கு 10,000, மீதி 70,000-க்கு 14,000. செஸ் சேர்த்து 24,960.

புதிய முறையில்: நிலைக்கழிவு 75,000. பென்ஷன் 5,85,000, வட்டி 1,10,000, ஆக 6,95,000. 80சி இல்லை, 80டி இல்லை, 80ஜி இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கு 7 லட்சம் வரை வரித் தள்ளுபடி முழுசாக உண்டு. உங்கள் வரி பூஜ்யம்.

பழைய முறையில் தள்ளுபடி 5 லட்சம் வரைதான், உங்கள் நன்கொடை ஒரு லட்சமும் முழுக்கக் கழிந்திருந்தால்தான் அங்கே வரி பூஜ்யமாகியிருக்கும். இதை முதல் நாளே பார்த்திருக்கணும்.

கொள்ளிடம் 63 | 12 ஜூலை, காலை 8.10

இதில் ஒரு எச்சரிக்கை. ஏழு லட்சத்துக்கு 5,000தான் இடைவெளி. சேமிப்புக் கணக்கு வட்டியைச் சேர்த்தீர்களா? வைப்புநிதி வட்டியை மட்டும் எழுதிவிட்டுச் சேமிப்பு வட்டியை விட்டவர்களை நான் நூறு பேர் பார்த்திருக்கிறேன். வருமான வரித் தளத்தில் உங்கள் தகவல் அறிக்கையை இறக்கிப் பாருங்கள், எந்த வங்கி எவ்வளவு கொடுத்தது என்று வரிசையாக இருக்கும்.

அரசலாற்றங்கரை | 12 ஜூலை, இரவு 9.40

பேரன் இறக்கிக் கொடுத்தான். சேமிப்பு வட்டி 3,200 விட்டுப் போயிருக்கிறது. 6,98,200. கொள்ளிடம் சார், நீங்கள் சொல்லாவிட்டால் நோட்டீஸ் வந்திருக்கும்.

வெட்டாறு | 12 ஜூலை, இரவு 11.10

நல்ல வேளை, உள்ளேதான். ஒருவேளை ஏழு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தாலும், தாண்டிய தொகைக்கு மேல் வரி கேட்க முடியாதபடி ஒரு சலுகை இருக்கிறது. பயப்பட வேண்டாம்.

பென்ஷனிலும் வங்கியிலும் பிடித்தம் செய்திருப்பார்களே?

அரசலாற்றங்கரை | 13 ஜூலை, காலை 6.15

கருவூலத்தில் 14,000, வங்கியில் 11,000. இருபத்தைந்தாயிரமும் திரும்பி வருமா?

எனக்கு ஒரு சங்கடம், அதையும் எழுதிவிடுகிறேன். புதிய முறையில் போட்டால் அவர் பெயரில் கொடுத்தது ரிட்டர்னில் எங்குமே வராது, இல்லையா? வரி மிச்சமாகும்போது இதைக் கேட்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். நான் நாற்பது வருஷம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தவள்.

வெட்டாறு | 13 ஜூலை, மாலை 5.00

வரும், இருபத்தைந்தும் வரும்.

ரிட்டர்னில் நன்கொடை வராது. ஆனால் உங்கள் அறக்கட்டளை உங்கள் பான் எண்ணோடு அதைத் துறைக்குத் தெரிவித்திருக்கும். மே 31-க்குள் 10பிடி என்று ஒரு அறிக்கை கொடுத்து, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தரணும். அது வந்ததா? கழிவு கேட்கிறவர்களுக்கு அதுதான் உயிர். கையால் எழுதிய ரசீதை மட்டும் வைத்துக் கழிவு கேட்டால் துறையின் பதிவோடு பொருந்தாமல் நிற்கும். உங்களுக்குக் கழிவுக்குத் தேவையில்லை, நோட்டில் ஒட்டி வைக்கவாவது கேட்டு வாங்குங்கள்.

அடுத்த வருஷத்துக்கும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்குத் தள்ளுபடி 12 லட்சம் வரை. உங்கள் மாதிரி பென்ஷனில் இருப்பவர்களுக்கு 80ஜி பெரும்பாலும் பேச்சிலேயே இருக்காது. மன்னை தம்பி மாதிரி வீட்டுக் கடனோடு பழைய முறையில் நிற்பவர்களுக்குத்தான் அந்தப் பத்து சதவீதமும் பாதியும் பொருட்டு.

சம்பா விவசாயி | 21 ஜூலை, இரவு 7.30

டீச்சர் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறேன், என் பக்கம் ஒன்று. எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக்கு என் தம்பி, அவன் சென்னையில் வேலை, பழைய முறையில்தான் இருக்கிறான், 50,000 அனுப்பப் போகிறான். கோயிலுக்கும் பாதி வருமா?

வெட்டாறு | 22 ஜூலை, மதியம் 1.15

எல்லாக் கோயிலுக்கும் வராது. வரலாற்று, தொல்லியல், கலைச் சிறப்புள்ளது அல்லது மாநிலம் முழுக்கப் பெயர் பெற்ற வழிபாட்டுத்தலம் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருந்தால், அதன் புதுப்பிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் கொடுப்பதில் பாதி, அதே பத்து சதவீத வரம்போடு. அன்றாட பூஜைக்குக் கொடுப்பதற்கு இதில் வராது. உங்கள் கோயில் அறிவிக்கப்பட்டதா என்று செயல் அலுவலரிடம் அறிவிக்கை எண் கேளுங்கள். எண் இல்லாத ரசீதை நம்பித் தம்பி கழிவு போட வேண்டாம்.

அரசலாற்றங்கரை | 30 ஜூலை, காலை 7.00

ரிட்டர்ன் போட்டாச்சு, புதிய முறையில். செப்டம்பர் 15 வரை நேரம் இருந்தாலும் இழுக்க மனசில்லை.

நேற்று விடுதிக்குப் போய் 10பிஇ வாங்கினேன். பெயர், பான், ஒரு லட்சம் எல்லாம் சரியாக இருந்தது. எவ்வளவு கழியும் என்று அதில் எங்கும் இல்லை, கொடுத்த தொகை மட்டும்தான். ரசீது எழுதிய அதே பையன் இருந்தான். பக்கத்தில் உட்காரவைத்து, வெட்டாறு தம்பி எழுதிய வரிசையை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். முதலில் வரம்பு, அப்புறம் பாதி. அவனுக்கு உண்மையாகவே தெரியாது. அடுத்த ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போது "80ஜி" என்பதற்குக் கீழே "பாதி, வரம்புக்கு உட்பட்டது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன் என்றான். அச்சகம் எங்கள் தெருவில்தான், நானும் சொல்லிவிட்டு வந்தேன்.

கொள்ளிடம் 63 | 2 ஆகஸ்ட், காலை 9.20

மைத்துனர் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டேன். வரம்பு 48,000, அவர் கொடுத்தது 55,000. நான் 27,500 போட்டிருக்கிறேன், 24,000 தான் போடணும். திருத்திய ரிட்டர்னுக்குக் காலம் போய்விட்டது. புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறதாம், கூடுதல் வரியோடு கட்டிவிடலாமாம். வெட்டாறு, 3,500 ரூபாய் கழிவுக்காக அதைப் போட வேண்டுமா, எப்படிச் செய்வது? அவரிடம் நான்தான் சொல்லியாகணும்.

சம்பா விவசாயி | 11 ஆகஸ்ட், இரவு 8.40

செயல் அலுவலரைப் பார்த்தேன். அறிவிக்கை ஏதும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை, மாவட்ட அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தம்பி காத்திருக்கவில்லை, பணத்தை அனுப்பிவிட்டான். சாரம் கட்டிக் கோபுர வேலை தொடங்கிவிட்டார்கள்.